புதிய வரைகலை அட்டை எந்த விளையாட்டுக்காக?

லாபிசில் என்னிடம் படிக்கும் ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர், புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கணினியில் இருப்பது 2019இல் வெளிவந்த GTX 1650. அதன் நினைவகம் 4 ஜிபி. அவர் விளையாட விரும்பும் விளையாட்டுகள் மூன்று. அவற்றில் எது இந்தச் செலவைக் கேட்கிறது?

முதலாவது, 2023இல் வெளிவந்த 'வெண்பா'. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. தட்டையான ஓவியங்களே காட்சிகள் என்பதால் பழைய அட்டையே தாராளம்.

இரண்டாவது 'சைபர்பங்க் 2077'. இதன் நகரத்தில் ஒளி, நிழல், கூட்டம் அனைத்தும் அந்தந்த நொடியில் கணக்கிடப்படுகின்றன. முழு எச்டி திரையில் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால், அத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கண்டுபிடிக்க அட்டைக்குக் கிடைப்பது நொடியில் 60இல் ஒரு பங்குதான். GTX 1650ஆல் அது முடியாது. காட்சித் தரத்தைக் குறைத்தால் விளையாடலாம்.

மூன்றாவது, 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்'. இது ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிடும் தனிச் சுற்றுகளை அட்டையிலேயே எதிர்பார்க்கிறது. குறைந்தபட்சத் தேவை, 8 ஜிபி நினைவகம் கொண்ட RTX 2060 Super. GTX 1650இல் அந்தச் சுற்றுகளே இல்லை. தரத்தைக் குறைத்துச் சமாளிக்க இங்கே வழியில்லை.

ஆக, முதலாவதற்குப் புதிய அட்டை தேவையில்லை. மூன்றாவதற்குக் கட்டாயம் தேவை. முடிவு தடுமாறுவது இரண்டாவதில்தான். அதற்கு ஒரு சோதனை உண்டு. விளையாட்டின் அமைப்புகளில் திரைத் தெளிவை 1920×1080இலிருந்து 1280×720க்குக் குறையுங்கள். புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். நொடிக்கான படங்கள் நன்றாகக் கூடினால், திணறியது வரைகலை அட்டை. எண்ணிக்கை அப்படியே இருந்தால், திணறுவது பெரும்பாலும் மையச் செயலி. புதிய அட்டை வாங்கினாலும் வேகம் கூடாது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீர் திடீரென நின்று நின்று வந்தால், மேற்பரப்புப் படங்களின் தரத்தை மட்டும் குறைத்துப் பாருங்கள். தடங்கல் மறைந்தால், போதாதது அட்டையின் நினைவகம்.

இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. GTX 1650 சுமார் 75 வாட் மின்சாரமே எடுக்கும். RTX 2060 Super எடுப்பது 175 வாட். பழைய மின்வழங்கியில் அந்த அளவுக்குத் திறனும் அட்டைக்கான தனி மின்னிணைப்பும் இல்லையென்றால் அதையும் மாற்ற வேண்டிவரும்.

மாணவர் இந்தச் சோதனையைச் செய்தார். 'சைபர்பங்க்' தெளிவைக் குறைத்ததும் சீராக ஓடியது. அந்தக் காட்சியே அவருக்குப் போதுமாம். எஞ்சியிருப்பது 'இண்டியானா ஜோன்ஸ்' மட்டும். அட்டையின் விலையோடு விளையாட்டின் விலையையும் கூட்டினால், அந்த ஒரு விளையாட்டுக்கு அவர் உண்மையில் கொடுக்கப்போகும் விலை தெரியும். உங்கள் பட்டியலிலும் 'ஓடவே ஓடாது' என்ற வரிசையில் நிற்கும் விளையாட்டுகளை மட்டும் எண்ணி, அட்டையின் விலையை அவற்றுக்குப் பங்கிட்டுப் பாருங்கள்.