பூஜைக் காய் அழுகல்! வாலிபருக்கு ஆயா நடத்திய பாடம்

மயிலாப்பூர் மாட வீதி தேங்காய்க் கடைக்கு வாலிபர் ஒருவர் பதறியபடி வந்தார். புது வீட்டுப் பூஜையில் உடைத்த காய் அழுகல்! அம்மா கண்கலங்கிவிட்டார். கையில் இன்னும் ஒரு காய்க்குத்தான் காசு.

வாலிபர் குவியலில் பெரிய காயாகப் பார்த்து எடுத்தார்.

"வை தம்பி. பெருசைப் பார்த்து ஏமாறாதே" என்றார் கடைக்கார ஆயா. ஒரே அளவில் இரண்டு காய்களை அவர் கைகளில் வைத்தார்.

"எது கனம்?"

"வலது."

"காதுகிட்ட வச்சு ஆட்டு."

வலது காயில் "சளக் சளக்" என்று தண்ணீர் ஆடியது. இடது காயில் சத்தமே இல்லை.

"லேசா இருக்கு, தண்ணியும் இல்லே. ஓட்டிலே கீறல் விட்டு வடிஞ்சிருக்கும். உள்ளே கெட்டிருக்கும்."

"கனமா இருந்து சத்தம் வரலேன்னா?"

"அது இளசு. தண்ணி நிறைய நிக்குது, ஆட இடமில்லே. பருப்பு மெலிசு. சட்னிக்கு ஆகாது."

பிறகு ஆயா ஒரு நாணயத்தால் தட்டினார். நல்ல காய் "டங்" என்றது. கீறல் காய் "டொக்".

"இத்தனை பார்த்தும் ஒண்ணு ரெண்டு ஏமாத்தும். பூஜைக் காயை இங்கேயே உடைச்சுப் பார்க்க முடியாதே! அழுகலா இருந்தா எடுத்துட்டு வா, மாத்தித் தரேன்."

வாலிபர் நாலு காயை ஆட்டி, மூன்றை வைத்துவிட்டு, ஒன்றோடு ஓடினார். அவர் திரும்பி வரவில்லை.