கவுன்ட்டருக்கு உள்ளே என்ன உடை?

"பணியாளர்கள் கண்ணியமான, நேர்த்தியான உடையில் வர வேண்டும்." பெரும்பாலான அலுவலகங்களின் உடை விதி இந்த ஒரு வரிதான். படிக்கும்போது யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. காலையில் பீரோவைத் திறந்து நிற்கிறவருக்கு மட்டும் இதனால் எந்த உதவியும் இல்லை. அரைக்கை குர்தா நேர்த்தியா? துப்பட்டா இல்லாத சுடிதார் கண்ணியமா? விதியில் விடை இல்லாததால் அந்த விடையை மேலாளர் தருகிறார். மேலாளர் மாறினால் விடையும் மாறுகிறது.

இதற்கு நேர் எதிரான தவறையும் ஒரு பெரிய நிறுவனம் செய்து பார்த்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் யூபிஎஸ் வங்கி, வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் ஊழியர்களுக்காக 2010-இல் நாற்பது பக்கங்களுக்கும் மேல் ஓர் உடைக் கையேடு தயாரித்துச் சில கிளைகளில் சோதனை முறையில் அமல்படுத்தியது. பெண்களின் உள்ளாடை தோல் நிறத்தில் இருக்க வேண்டும், பூண்டு சேர்த்த சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. உலகப் பத்திரிகைகள் சிரித்தன. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே கையேட்டைத் திருத்தப்போவதாக வங்கி அறிவித்தது. வாடிக்கையாளர் கண்ணுக்கே தெரியாத உள்ளாடையில் விதி மூக்கை நுழைத்ததும், அதிலிருந்த உருப்படியான யோசனைகளும் சேர்ந்து கேலிக்கு ஆளாகிவிட்டன.

சொல்லின் அளவு மட்டும் இங்கே பிரச்சினை இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் மனிதவளப் பிரிவுக்குத் தலைமை வகித்தபோது மேரி பாரா, பத்துப் பக்க உடைக் கொள்கையைத் தூக்கிவிட்டு "பொருத்தமாக உடுத்துங்கள்" என்ற பொருளில் இரண்டே சொல் வைத்தார். மேலாண்மைப் பேச்சாளர்களுக்கு மிகவும் பிடித்த கதை இது. எது பொருத்தம் என்று தன் குழுவோடு பேசி முடிவெடுக்கும் மேலாளர்கள் உள்ள இடத்தில் அது நடக்கும். நாள் முழுக்க வரிசை நிற்கும் கவுன்ட்டரில், புதிதாகச் சேர்ந்த எழுத்தருக்கு அந்த இரண்டு சொல் போதாது.

அப்படியானால் எதை எழுதுவது? ஒவ்வொரு வரியிடமும் "ஏன்?" என்று கேட்டு, பதில் சொல்ல முடிந்த வரியை மட்டும் வைப்பது. பிரிட்டனில் நடந்த இரண்டு சம்பவங்கள் இதைத் தெளிவாக்குகின்றன. 2015 டிசம்பரில் நிக்கோலா தார்ப் என்ற பெண் லண்டன் அலுவலகம் ஒன்றில் தற்காலிக வரவேற்பாளராக வேலைக்குப் போனார். இரண்டு முதல் நான்கு அங்குலக் குதிகால் செருப்பு போட வேண்டும் என்றார்கள். மறுத்ததும் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றக் குழுவும் விசாரித்தது. அந்த விதி தெளிவில் குறை வைக்கவில்லை, அங்குலக் கணக்கே கொடுத்திருந்தது. ஆனால் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவருக்கு எதற்காக உயரக் குதிகால் என்பதற்கும், ஆணுக்கு இணையான சுமை என்ன என்பதற்கும் அதனிடம் பதில் இல்லை.

இன்னொன்று, பிரிட்டிஷ் ஏர்வேஸ் செக்-இன் ஊழியர் நாடியா எவெய்டாவின் சிலுவைச் சங்கிலி. 2006-இல் நிறுவனம் அதை வெளியே தெரியக் கூடாது என்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், கழுத்துச் சங்கிலியில் சிலுவை அணிந்த ஒரு செவிலியரின் வழக்கை நிராகரித்தது. நோயாளி சங்கிலியைப் பிடித்து இழுக்கலாம், காயத்தில் படலாம் என்று மருத்துவமனை சொன்ன காரணம் நின்றது. நிறுவனத் தோற்றம் என்ற காரணம் எவெய்டா விஷயத்தில் அந்த அளவுக்கு எடை பெறவில்லை. பொருள் ஒன்றேதான். காரணத்தின் கனம்தான் வேறு.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்குத் தமிழக அரசு வெளியிட்ட ஆணை ஒரு நல்ல காரியம் செய்தது: உடைகளின் பெயரையே சொன்னது. பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார். ஆண்களுக்குச் சட்டையும் பார்மல் பேன்ட்டும், அல்லது வேட்டி. பெயர் சொன்ன இடத்தில் சண்டைக்கு வேலையில்லை. கூடவே வந்த "தமிழ்ப் பண்பாட்டைப் பிரதிபலிக்கும்" என்ற அடைமொழிதான் எந்த வேட்டி பிரதிபலிக்கும், எது பிரதிபலிக்காது என்ற கேள்வியைக் கிளப்புகிறது. அடைமொழியை எடுத்துவிட்டால் ஆணைக்கு நஷ்டம் ஏதும் இல்லை.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். மேலாளரின் முதல் வரைவு: "எல்லோரும் வெளிர்நீலச் சட்டை அணிய வேண்டும்." ஏன்? உள்ளே வருகிறவருக்கு யார் ஊழியர் என்று தெரிய வேண்டும். சரியான காரணம். ஆனால் அதற்குப் பெரிய எழுத்தில் பெயர் போட்ட அட்டை போதும், சட்டை வேண்டியதில்லை. அந்த வரி அப்படியே போய்விடுகிறது. சீருடைதான் வேண்டும் என்று நிறுவனம் பிடிவாதமாக இருந்தால், எத்தனை செட், யார் செலவு என்பதும் அதே பத்தியில் இருக்க வேண்டும். ஒரே செட் கொடுத்துவிட்டு ஐப்பசி மழையில் தினமும் துவைத்துப் போடச் சொல்ல முடியாது.

மிச்சத்தை இப்படி எழுதலாம்: "பொதுமக்களை நேரில் சந்திக்கும் ஊழியர்களுக்கு இது பொருந்தும். காலர் வைத்த சட்டை அல்லது குர்தா, முழுநீள பேன்ட், வேட்டி, சேலை, சுடிதார், சல்வார் கமீஸ் ஆகியவற்றில் எதையும் அணியலாம். துப்பட்டா அவரவர் விருப்பம். உடை துவைத்ததாகவும் கிழிசல் இல்லாததாகவும் இருக்க வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டாம். மற்ற காலணி எதுவும் சரி. கட்சிச் சின்னமோ, தலைவர், நடிகர் படமோ, பெரிய வாசகமோ உள்ள உடை வேண்டாம். எல்லாக் கட்சிக்காரரும் நம்மிடம் வருகிறார்கள். ஜீன்ஸ் சனிக்கிழமை மட்டும்."

ஜீன்ஸை விட்டுவிடலாமே என்று தோன்றும். விட்டால் முதல் வாரமே அந்தக் கேள்விதான் வரும். தடை செய்கிறீர்களோ அனுமதிக்கிறீர்களோ, பெயரைச் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது விலக்கு. இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் அலுவலகம் கார்த்திகை முதல் தேதியன்று மாட்டிக்கொள்ளும். மாலை போட்டவர் கறுப்பு வேட்டியோடு, சவரம் செய்யாமல், செருப்பில்லாமல் வருவார். அவருக்கு அனுமதி கொடுத்துவிட்டு, ஹிஜாபுக்கோ தாடிக்கோ சிலுவைக்கோ கேள்வி கேட்டால் அது ஓரவஞ்சனை. "சமய வழக்கம், கர்ப்பம், காயம், உடல்நிலை காரணமாக வேறு உடையோ காலணியோ தேவைப்பட்டால் மேலாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடிதமோ சான்றிதழோ வேண்டாம்" என்று ஒரு வரி வைத்தால் எல்லோருக்கும் ஒரே கதவு.

எழுதியது சரியா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. ஐந்தாறு உடைகளைச் சொல்லி, விதியை மட்டும் கையில் கொடுத்து, இரண்டு பேரிடம் தனித்தனியாக "இது சரியா, தப்பா?" என்று கேளுங்கள். விடை வேறுபடும் உடை எதுவோ, அந்த வரியைத்தான் திருத்த வேண்டும். நடைமுறைக்கு வந்த பிறகும் அடையாளம் தெரியும். "சார், இது ஓகேவா?" என்று காலையில் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தால் விதி தெளிவாக இல்லை. கூப்பிட்டுச் சொல்லப்படுகிறவர்கள் எப்போதும் பெண்களாகவே இருந்தால், எழுத்தில் இல்லாத இன்னொரு விதியும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

மீறினால் என்ன என்பதையும் எழுதிவிட வேண்டும். மேலாளர் மட்டும், தனியாக அழைத்து, எந்த வரி என்று காட்டிச் சொல்வார்; அன்றைய வேலை வழக்கம்போல் நடக்கும்; சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள். உடம்பைப் பற்றிப் பேச்சே கிடையாது, உடையைப் பற்றி மட்டும்தான். விதி அமலாகும் தேதி, அறிவிப்புக்குப் பிறகு குறைந்தது ஒரு சம்பள நாளாவது தாண்டியிருக்க வேண்டும். புதிதாக இரண்டு சட்டை வாங்க வேண்டியவருக்கு அந்த அவகாசம் தேவை.