காணொளிச் சட்டகங்களில் மெய்யெழுத்துப் புள்ளி: எழுத்துணரி வழுவும் இடமும் திருத்தமும்

முன்னுரை

விரிவுரைக் காணொளிகளில் பேச்சைப் போலவே திரையில் காட்டப்படும் வில்லைகளும் ஆய்வுக்குரிய தரவுகளாகும். அவற்றை எழுத்துணரி கொண்டு உரையாக்கும்போது தமிழில் எளிதில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளியாகும். அதன் காரணத்தையும் அதைக் காக்கும் வழியையும் இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டின்வழி விளக்குகிறது.

புள்ளி மறையும் காரணம்

640×360 பிக்சல் அளவுள்ள காணொளியில் பன்னிரண்டு வரிகள் கொண்ட வில்லை தோன்றுவதாகக் கொள்வோம். ஒரு வரிக்கு 30 பிக்சல் உயரம் கிடைக்கும். இடைவெளி நீங்கலாக எழுத்தின் உயரம் ஏறத்தாழ 15 பிக்சல். புள்ளியோ இரண்டு பிக்சல் அளவே. இணையக் காணொளிகளில் பெரும்பாலும் ஒளிர்வு முழு அளவிலும், நிறம் நீள அகலங்களில் பாதி அளவிலும் பதிவாகின்றன. ஆகவே பின்னணியிலிருந்து நிறத்தால் மட்டும் வேறுபடும் புள்ளி அதனுள் கரைந்துவிடுகிறது. ஒளிர்வாலும் வேறுபடும் எழுத்துகளுக்குச் சாம்பல்நிறப் படமே ஏற்றது.

சட்டகத் தேர்வு

காட்சி மாறும் கணத்தின் சட்டகத்தையே எடுப்பது பரவலான வழக்கம். ஆயின் மிகுதியாகச் சுருக்கப்பட்ட காணொளியில் வில்லை முதலில் மங்கலாகத் தோன்றி, அசைவின்றி நிற்கையில் அடுத்தடுத்த சட்டகங்கள் நுணுக்கங்களைச் சேர்ப்பதால் தெளிவடைவதுண்டு. எனவே வில்லை மறைவதற்குச் சற்று முந்தைய சட்டகமே தகுந்தது. 730ஆம் நொடியில் தோன்றி 750ஆம் நொடியில் மறையும் வில்லைக்கு, நொடிக்கு ஒன்றாக எடுத்த சட்டகங்களுள் 748ஆவதைப் பயன்படுத்தலாம். படத்தை இருமடங்காக்கினால் எழுத்தின் உயரம் எழுத்துணரிக்கு உகந்த 30 பிக்சலை எட்டும்.

```
ffmpeg -i paadam.mp4 -vf "fps=1,format=gray,scale=iw*2:-1:flags=lanczos" f_%05d.png
tesseract f_00748.png out -l tam --psm 6
```

இரண்டாம் கட்டளையின் இறுதி எண், படத்தை ஒரே சீரான உரைப்பகுதியாகக் கொள்ளுமாறு பணிக்கிறது.

சரிபார்ப்பு

வில்லையின் தலைப்பு ‘கல்வி உரிமை’ என்க. புள்ளி மறைந்தால் அது ‘கலவி உரிமை’ ஆகும். இரண்டும் அகராதிச் சொற்களாதலின் சொற்பிழைதிருத்தி இதனைக் காட்டிக்கொடுக்காது. ஆயினும் பிழையின் அளவை அறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. தமிழில் ‘ம்’ என முடியும் சொற்கள் மிகப் பல. புள்ளியற்ற ‘ம’ என முடிவன அரியவை. வெளியீட்டில் ‘பாடம’, ‘காலம’ போன்ற வடிவங்கள் மிகுந்திருப்பின், சொல்லின் இடையிலும் புள்ளிகள் மறைந்துள்ளன எனக் கொள்ளலாம்.

744 முதல் 748 வரையிலான சட்டகங்களின் வெளியீடுகளை ஒப்பிட்டுப் பெரும்பான்மை வடிவத்தை ஏற்பது ஓரளவே உதவும். அசையா வில்லையில் ஏறத்தாழ ஒரே படமே மீள வருவதால், ஐந்து சட்டகங்களும் ஒரே பிழையைத் தரக்கூடும்.

முடிவுரை

படத்தைப் பெரிதாக்குவது எஞ்சிய புள்ளியைத் தெளிவாக்குமேயன்றி, சுருக்கத்தில் அழிந்த புள்ளியை மீட்காது. அந்நிலையில் அதே காணொளியின் 1280×720 வடிவத்தைத் தேடிப் பெறுவதும், அது கிட்டாதவிடத்து ஐயத்திற்குரிய சொற்களை விரிவுரையாளரின் பேச்சோடு ஒப்பிட்டுத் திருத்துவதுமே வழியாகும்.