"டிசைனர் தேவை"ன்னு போஸ்ட் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுடுங்க

சம்பளத்தோட சின்னதா ஒரு சைடு பிசினஸும் பண்றவங்க கமெண்ட்ல அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "ஃப்ரீலான்ஸ் டிசைனருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?" வீடியோவில் ரெண்டு நிமிஷத்தில் சொல்லிட்டுப் போக முடியல, அதனால இங்கே எழுதுறேன்.

முதல்ல என் சொதப்பலைச் சொல்லிடுறேன். ரெண்டு வருஷம் முன்னாடி வீட்டு பிசினஸுக்கு ஒரு லேபிள் தேவைப்பட்டது. "லேபிள் டிசைன் பண்ணணும், பட்ஜெட் பேசிக்கலாம், சாம்பிள் அனுப்புங்க" என்று மூணே வரியில் போஸ்ட் போட்டேன். அறுபது மெசேஜ் வந்தது. பாதிப்பேர் கேட்டது ஒண்ணேதான்: "பட்ஜெட் எவ்வளவு?" கடைசியில் ஒருத்தர் நல்லாவே செஞ்சு கொடுத்தார். ஆனா கைக்கு வந்தது ஒரே ஒரு ஜேபிஜி படம். ஆறு மாசம் கழிச்சு விலையை மாத்தணும்னு வந்தப்ப மூல ஃபைல் இல்லை, அவர் நம்பரும் மாறியிருந்தது. அதே லேபிளுக்கு இன்னொருத்தருக்கு மறுபடி பணம் கொடுத்தேன். தப்பு அவர் மேல இல்லை. ஃபைல் வேணும்னு நான் எங்கேயும் சொல்லவே இல்லையே.

இந்த முறை எங்க ஊருக்கே ஒரு வேலை. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகள், அதில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். வர்றவங்க பலருக்கு எந்த மலையில் என்ன இருக்குன்னே தெரியறதில்லை. கோட்டைப் பக்கம் இருக்கிற கடைகளில் 30 ரூபாய்க்கு விற்கிற மாதிரி மடிக்கிற மேப் ஒண்ணு போடலாம்னு நானும் சித்தப்பா பையனும் யோசிச்சோம்.

சரி, டிசைனருக்கு எவ்வளவு? மார்க்கெட் ரேட் தேடாதீங்க. மேப் எவ்வளவு சம்பாதிக்கும்னு பாருங்க. கடைக்காரருக்கு 20 ரூபாய்க்குக் கொடுக்கிறோம். ஆயிரம் காப்பி அடிச்சா அச்சுக்கு ஒண்ணுக்கு 9 ரூபாய்னு வெச்சுக்கோங்க. மீதி 11 ரூபாய், ஆயிரத்துக்கு 11,000. டிசைனருக்கு 12,000, தேர்வு பண்றதுக்கு இன்னொரு 1,000 (அதைப் பிறகு சொல்றேன்), ஆக 13,000. அதாவது முதல் ஆயிரம் முழுக்க வித்தாலும் கையில் 2,000 நஷ்டம். போட்ட காசு திரும்புறது 1,182-வது மேப் விற்கும்போதுதான். லாபமே ரெண்டாவது அச்சில்தான் இருக்கு.

அதனால ரெண்டாவது அச்சு போடுற உரிமை உங்க கையில் இருக்கணும். இங்கேதான் பலர் ஏமாறுறாங்க. "காசு கொடுத்துட்டேன், டிசைன் என்னோடது" என்பது சட்டம் இல்லை. 1957 காப்புரிமைச் சட்டப்படி, மாசச் சம்பளத்துக்கு இருக்கிறவர் வேலையின் பகுதியா வரைஞ்சது, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, முதலாளிக்குப் போகும். ஃப்ரீலான்ஸருக்கு அப்படி இல்லை. ஃபோட்டோ, பெயின்டிங் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, எழுத்தில் மாத்திக் கொடுக்காத வரை உரிமை வரைஞ்சவரோடதுதான். அந்த எழுத்தில் அவர் கையெழுத்து இருக்கணும். எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலைன்னா 5 வருஷம்னுதான் சட்டம் எடுத்துக்கும். அதனால உரிமை பற்றிய வரி விளம்பரத்திலேயே வந்துடணும். 12,000-க்கு அதுவும் சேர்த்துதான்னு தெரிஞ்சு வர்றவர் வரட்டும்.

அடுத்து வேலையின் அளவு. "செஞ்சிக் கோட்டை மேப்" என்று மட்டும் போட்டா ஒருத்தர் மூணு முக்கோண மலை வரைவார், இன்னொருத்தர் ஒவ்வொரு மதிலையும் வரைவார். எண்ணிச் சொல்லணும்: மூணு மலை, எட்டு இடம். எழுத்து யார் தர்றது, ஃபோட்டோ யார் தர்றது, திருத்தம் எத்தனை முறை, இதெல்லாம் அளவில் சேர்த்திதான். யுனெஸ்கோ லோகோ வேணும்னு எல்லாருக்கும் ஆசை வரும். விற்கிற பொருளில் அதைப் போட முன் அனுமதி வேணும், அதனால வேண்டாம்னே எழுதிட்டோம்.

தேதியைப் பின்னாடி இருந்து எண்ணுங்க. பொங்கல் லீவுக்கு மேப் கடையில் இருக்கணும். டிசம்பர்ல பிரஸ்காரங்க காலண்டர், டைரி வேலையில் மூழ்கிடுவாங்க. அப்போ நவம்பர் 20-க்குள்ள ஃபைல் பிரஸ்ஸுக்குப் போகணும். நடுவில் தீபாவளி வேற. இப்படிப் பார்த்தா செப்டம்பர் 1-ஆம் தேதியே விளம்பரம் வந்தாகணும். நாங்க போட்டது இதுதான்:

ஃப்ரீலான்ஸ் டிசைனர் தேவை: செஞ்சிக் கோட்டை மேப்

வேலை: ஏ3 அளவு, இரண்டு பக்கம், மடிக்கும் வரைபடம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மலைகளும், கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம், வெங்கட்ரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி, செட்டிக்குளம், சக்கரக்குளம், ராஜகிரி உச்சி ரங்கநாதர் கோயில் என எட்டு இடங்களும் கையால் வரைந்த பாணியில். தமிழ், ஆங்கில எழுத்தும் ஃபோட்டோக்களும் நாங்கள் தருவோம். யுனெஸ்கோ லோகோ வேண்டாம்.

தொகை: மொத்தம் ரூ.12,000. சோதனைப் படத்துக்கு 1,000, தொடங்கும்போது 3,000, பென்சில் வரைவு ஓகே ஆனதும் 4,000, இறுதி ஃபைல் தரும்போது 4,000. திருத்தம் இரண்டு முறை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 500.

தர வேண்டியது: அச்சுக்கான பிடிஎஃப், எழுத்தை மாற்றக்கூடிய மூல ஃபைல், பயன்படுத்திய ஃபான்ட்களின் பெயர். மறு அச்சு உட்பட முழு உரிமையும் காலவரம்பின்றி எழுத்தில் எங்களுக்கு. உங்கள் பெயர் மேப்பில் வரும்.

தேதி: விண்ணப்பம் செப்டம்பர் 10 வரை. பென்சில் வரைவு அக்டோபர் 5, இறுதி ஃபைல் நவம்பர் 15. ஒவ்வொரு கட்டத்திலும் எங்கள் பதில் 2 நாளில்.

சாம்பிள்: ஏற்கெனவே செய்த மூன்று வேலைகளின் லிங்க் மட்டும். அதில் ஒன்றாவது தமிழ் எழுத்தோடு அச்சானதாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் நீங்கள் செய்த பகுதி எது என்று ஒரு வரி. மெயில் தலைப்பு: "செஞ்சி மேப் – உங்கள் பெயர்". புதிதாக எதையும் இலவசமாக வரைந்து அனுப்ப வேண்டாம்.

"எழுத்தை மாற்றக்கூடிய" என்ற வார்த்தையைக் கவனிச்சீங்களா? பிரஸ்ஸில் தமிழ் எழுத்து உடையாம இருக்க, டிசைனர்கள் எழுத்தை அவுட்லைனா மாத்திடுவாங்க. அச்சுக்கு அது நல்லதுதான். ஆனா அப்புறம் அது எழுத்து இல்லை, வெறும் வடிவம். 30-ஐ 40-ஆ மாத்தக்கூட புதுசா டைப் பண்ணி ஒட்டணும். அதனால ரெண்டு ஃபைலும் கேளுங்க.

இந்த முறை வந்தது பதினாலு மெயில். அதில் மூணு பேர் லிங்க்குக்குப் பதிலா பெரிய ஜிப் ஃபைல் அனுப்பினாங்க, ரெண்டு பேர் எதை அவங்க செஞ்சாங்கன்னு எழுதலை. மீதி ஒன்பதில் சாம்பிளை போன்ல பெருசாக்கி ஒற்றெழுத்தின் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் சரியா உட்கார்ந்திருக்கான்னு பார்த்தேன். அதுலயே நாலு பேர் வெளியே.

கடைசி ரெண்டு பேருக்குத்தான் அந்த சோதனைப் படம்: ராஜகிரி மலையும் கல்யாண மகாலும் மட்டும், ஒரு வாரம், ஆளுக்கு 1,000 ரூபாய். தேர்வாகாதவருக்குப் போனதுதான் கணக்கில் வந்த அந்தக் கூடுதல் ஆயிரம். ஒருத்தர் படம் ரொம்ப அழகு, ஆனா மூணு நாள் லேட், நடுவில் ஒரு மெசேஜ்கூட இல்லை. இன்னொருத்தர் படம் சுமார்தான். ஆனா மறுநாளே போன் பண்ணி, "கல்யாண மகாலுக்கு எத்தனை மாடின்னு உங்க ஃபோட்டோவில் சரியா தெரியல, வேற கோணத்தில் ஒண்ணு எடுத்து அனுப்ப முடியுமா சார்?" என்று கேட்டார். சித்தப்பா பையன் அன்னைக்கு சாயங்காலமே போய் எடுத்து அனுப்பினான். வேலை அவருக்குத்தான் போச்சு.