அப்பா ‘சூடு’ என்கிறார்

அன்புள்ள டாக்டருக்கு,

இதை நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். அப்பா பக்கத்தில் இருந்தால் பேச விடமாட்டார் என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 64 வயது. மலச்சிக்கல் அவருக்குப் புதிதல்ல. பஸ் கண்டக்டராக ஓடிய காலத்தில் அடக்கி அடக்கிப் பழகியவர். இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் போவார், அதற்கும் ராத்திரி கடுக்காய்ப் பொடி வேண்டும். ஆனால் நான்கு மாதமாக நிலைமை வேறு மாதிரி இருக்கிறது. ஒரே நாளில் நான்கைந்து தடவை போய் உட்காருகிறார். “முழுசாப் போன மாதிரியே இல்லம்மா” என்கிறார். மூன்று வாரத்துக்கு முன் அவர் சரியாகத் தண்ணீர் ஊற்றாமல் வந்துவிட்டதால் ரத்தத்தைப் பார்த்தேன். கேட்டால், “சூடும்மா. மூலம் எனக்கு முன்னாடியே இருந்ததுதானே” என்கிறார். மெடிக்கலில் மாத்திரையும் களிம்பும் வாங்கிப் போட்டார். இரண்டு நாள் நின்றது, மறுபடி வந்தது.

அசதிக்கு அவரே இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். அதிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறது, சிக்கலும் கூடிவிட்டது. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார். வயிற்று ஸ்கேன் எடுத்தோம், நார்மல் என்றார்கள். இப்போது ‘மூலம் ஒரே ஊசியில் குணம்’ என்று போர்டு வைத்திருக்கும் ஓர் இடத்துக்குப் போகப்போவதாகச் சொல்கிறார். அனுப்பலாமா? இது வெறும் மூலம்தானா?

*

ஊர், பெயர் அடையாளங்களை நீக்கி, அந்த மகளின் அனுமதியோடு இந்தக் கடிதத்தை இங்கே தருகிறேன். ‘மூலம்தானா’ என்ற கேள்விக்குக் கடிதத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. உள்ளே பார்க்காமல் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஊசிக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு அன்றே போனில் பதில் சொன்னேன்: “அனுப்பாதம்மா, நாளைக்குக் காலையில என்கிட்ட கூட்டிட்டு வா.”

கடிதத்தில் என்னை உறுத்தியவை

மகளுக்குப் பெரிதாகத் தெரிந்தது ரத்தம். எனக்கு அதைவிட உறுத்தியது ‘நான்கு மாதமாக வேறு மாதிரி’ என்ற வரி. முப்பது வருடமாக ஒரே மாதிரி இருக்கும் மலச்சிக்கல் தொல்லைதான், ஆனால் பொதுவாக ஆபத்தில்லை. 64 வயதில் அந்தப் பழக்கம் மாறினால் அதற்குக் காரணம் தேட வேண்டும். பெருங்குடலின் கடைசிப் பகுதி குறுகலானது. மலம் அங்கே வரும்போது தண்ணீரெல்லாம் உறிஞ்சப்பட்டுக் கெட்டியாகியிருக்கும். அந்த இடத்தில் ஒரு கட்டி வளர்ந்தால் வழி அடைபடும், சிக்கல் கூடும். கட்டி மலக்குடலுக்குள்ளேயோ அதற்குப் பக்கத்திலோ இருந்தால், போய்விட்டு வந்த பிறகும் ஏதோ மிச்சம் இருப்பது போலவே தோன்றும்.

இரண்டாவது, அந்த இரும்புச்சத்து மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போனால் சோகை வரும், சோகை வந்தால் அசதி வரும். அசதிக்கு இரும்பு மாத்திரை போட்டால் அது மலத்தைக் கறுப்பாக்கும், கெட்டிப்படுத்தும். இப்போது மலத்தின் நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாத நிலை. ஆணுக்கு, அதுவும் இந்த வயதில், இரும்புச்சத்துக் குறைவால் சோகை வந்தால் ரத்தம் எங்கோ கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். எங்கே என்று தேடாமல் மாத்திரை கொடுப்பது, ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதைப் போல.

மூன்றாவது, பெல்ட்டின் புது ஓட்டை. முயற்சி செய்யாமலேயே எடை குறைகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

நிறம் எவ்வளவு சொல்லும்?

மூலத்தில் வலி பெரும்பாலும் இருக்காது. மலம் போன பிறகு பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும். ஆசனவாய் வெடிப்பு என்றால் கத்தியால் கீறினாற்போல வலிக்கும், மலத்தின் மேல் கோடு போல ரத்தம் இருக்கும். ரத்தம் மலத்தோடு கலந்து, சளியும் சேர்ந்து வந்தால் இன்னும் மேலே பார்க்க வேண்டும். தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, தாங்க முடியாத நாற்றத்தோடு வந்தால் இரைப்பைப் பக்கம் கசிவு இருக்கலாம். பீட்ரூட் சாப்பிட்டாலும் மலம் சிவக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இவையெல்லாம் ஊகத்துக்கு உதவும், முடிவுக்கு உதவாது. மலக்குடலில் இருக்கும் புற்றும் பளிச்சென்ற சிவப்பு ரத்தத்தையே தரலாம். எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், மூலமும் புற்றும் ஒரே ஆளுக்கு இருக்க முடியும். மூலம் மிகப் பரவலான தொல்லை. தேடினால் பலரிடம் கண்ணில் படும். கண்ணில் பட்டதும் தேடுவதை நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

எதற்கு எந்தப் பரிசோதனை?

மறுநாள் அப்பா வந்தார். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. கூச்சத்தால் பலர் தவிர்க்கும் பரிசோதனையும் இதுதான். விரலுக்கு எட்டும் உயரத்தில் கட்டி இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். அவருக்கு எதுவும் தட்டுப்படவில்லை. சிறு குழாய்க் கருவியால் பார்த்தபோது மூலம் இருந்தது. “நான்தான் சொன்னேனே” என்று மகளைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4. ஆண்களுக்கு 13-க்குக் குறைந்தாலே சோகை. சில வாரமாக எப்போதாவது சொட்டும் மூலம் இந்த அளவுக்கு இறக்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கொலனோஸ்கோபிக்கு எழுதிக் கொடுத்தேன்.

“ஸ்கேன்தான் நார்மலாச்சே டாக்டர்?” என்று மகள் கேட்டார். வயிற்று அல்ட்ராசவுண்ட் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகத்தைப் பார்ப்பதற்கானது. காற்று நிறைந்த குடலின் உட்சுவரை அதில் சரியாகப் பார்க்க முடியாது. புற்றுக்கு என்று கேட்டு வாங்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். ஆரம்ப நிலையில் அது நார்மலாகவே இருக்கலாம், புகைபிடிப்பவர்களுக்குப் புற்று இல்லாமலேயே கூடலாம்.

கொலனோஸ்கோபிக்கு முந்தைய நாள்தான் சிரமம். சக்கையில்லாத உணவு மட்டும் உண்டு, பிறகு குடலைச் சுத்தம் செய்யும் மருந்துக் கரைசலை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சிறு கட்டிகள் கண்ணுக்குத் தப்பிவிடும். இரும்பு மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றித் தருவார். இதயத்துக்காக ஆஸ்பிரின் போன்றவை சாப்பிடுபவர்கள் ரத்தத்தைப் பார்த்துப் பயந்து தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் அதை எழுதிக் கொடுத்த மருத்துவர்.

அப்பாவுக்குப் பெருங்குடலின் வளைந்த கடைசிப் பகுதியில், விரலுக்கு எட்டாத உயரத்தில், சுமார் மூன்று சென்டிமீட்டர் கட்டி இருந்தது. பயாப்ஸியில் புற்று என்று வந்தது. சிடி ஸ்கேனில் வேறு எங்கும் பரவவில்லை. அந்தக் குடல் பகுதியை அறுத்தெடுத்து இரு முனைகளையும் இணைத்தார்கள். அவர் பயந்த, மலம் சேரும் ‘பை’ வைக்க வேண்டியிருக்கவில்லை. எடுத்துச் சோதித்த நெறிக்கட்டிகள் எதிலும் புற்று இல்லை. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு இன்னும் ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் இதே வரிகளை எழுதியிருப்பேனா தெரியாது.

கேட்டுப் பெற வேண்டியவை

மருத்துவர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. ‘ஒரே ஊசி’ போர்டில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படியேற வேண்டாம்.

கொலனோஸ்கோபிக்குக் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைக் கேளுங்கள்: “பாலிப் தெரிந்தால் அப்போதே எடுப்பீர்களா?” ஒரு பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கும் சேர்த்துக் கொடுத்ததாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. பாலிப் என்பது குடல் சுவரில் முளைக்கும் சிறு சதை. அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம்போல ஆகும். அப்போதே எடுத்துவிடுவது நல்லது. அதற்கான சம்மதத்தையும், குடலில் துளை விழும் அரிதான ஆபத்து பற்றிய விளக்கத்தையும் முன்பே பேசி எழுத்தில் வாங்கிக்கொண்டால் மறுபடி ஒரு தடவை குடலைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்காது.

மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே 2002 விதியில் இருக்கிறது. இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமானால் பயாப்ஸி அறிக்கையோடு கண்ணாடிச் சில்லையும் கேட்டு வாங்குங்கள். அறிக்கை ஒருவர் பார்த்துச் சொன்னது, சில்லு இருந்தால் இன்னொருவரும் பார்க்கலாம்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடல் சிகிச்சைப் பிரிவைக் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு, புற்றுநோய் அறுவை சிகிச்சை அதில் அடக்கம். விவரத்துக்கு 104-ஐ அழைக்கலாம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

ரத்தம் கட்டி கட்டியாகப் போனாலோ, எழுந்து நின்றதும் தலை சுற்றினாலோ, தார் போல மலம் போனாலோ அன்றே ஆஸ்பத்திரி. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடல் அடைத்திருக்கலாம். அந்த நேரத்தில் பேதி மாத்திரையோ கடுக்காயோ கொடுக்கவே கூடாது. அடைத்த குழாயை இன்னும் அழுத்துவது போலாகும்.

உள்ளே பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு மலச்சிக்கலுக்கான வைத்தியம் எளிது. இசப்கோலை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு எடுக்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் அதுவே இறுகிச் சிக்கலைக் கூட்டும். சிக்கலைக் கூட்டும் மாத்திரை எதுவும் இருக்கிறதா என்று மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடிதம் எழுதிய மகளுக்கு 36 வயது. அப்பா வீடு திரும்பிய வாரம் அவரிடம் இன்னொரு விஷயம் சொன்னேன். பெற்றோரில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்று வந்தால், பிள்ளைகள் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் 40 வயதில் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். அவருக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அண்ணனுக்கு அடுத்த மாதம் 40.