உப்புக் காற்றில் எந்த வேலி நிற்கும்?

முள்கம்பியா, கம்பி வலையா, கல்லா, செடியா? – ஒரு ஏக்கருக்குக் கணக்கு

1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடுக்கு ரெயில் ஓடியது. தென்னாட்டின் முதல் பயணிகள் ரெயில் அதுதான். ராயபுரத்தில் அந்தப் பழைய நிலையம் இன்றும் நிற்கிறது.

ரெயில் வந்ததும் ஒரு தொல்லையும் வந்தது. தண்டவாளத்தில் மாடு ஏறி நின்றால் என்ன செய்வது? மைல் கணக்கில் சுவர் கட்ட முடியுமா? அதனால் நாட்டின் பல பகுதிகளில் பாதை ஓரமாக ஒரு செடியை வரிசையாக நட்டார்கள். கத்தி போன்ற மடல். மடலின் நுனியில் ஊசி போன்ற முள். மாடு அதன் அருகே வராது. அந்தச் செடிக்கு மக்கள் வைத்த பெயர் "ரெயில் கற்றாழை". பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது.

இன்று வட சென்னையில் வயலைத் தேடத்தான் வேண்டும். திருவொற்றியூரும் எண்ணூரும் ஆலைகளாகி விட்டன. ஆனால் எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் போனால் இன்னும் பயிர் இருக்கிறது. பயிர் இருக்கும் இடத்தில் ஆடு இருக்கிறது, எருமை இருக்கிறது, பன்றி இருக்கிறது. ஆகவே வேலியும் வேண்டும். எந்த வேலி?

சுற்றளவுதான் செலவு

வேலிக்கு நிலத்தின் பரப்பு முக்கியம் அல்ல. சுற்றளவுதான் முக்கியம்.

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 209 அடி. நான்கு பக்கமும் சேர்ந்து 835 அடி. அதே ஒரு ஏக்கர் 100 அடி அகலத்தில் நீளமாகக் கிடந்தால் சுற்றளவு 1,070 அடிக்கு மேல் போய் விடும். நிலம் அதேதான், வேலி மட்டும் 235 அடி கூடுகிறது.

சதுர நிலத்தையே எடுத்துக்கொள்வோம். 10 அடிக்கு ஒரு தூண் வைத்தால் 84 தூண்கள். ஆறரை அடிக் கல்தூணில் 2 அடி மண்ணுக்குள் போகும்; நாலரை அடி வெளியே நிற்கும். கடற்கரை மணலில் 2 அடிக்குக் குறைத்து நட்டால் தூண் சாயும். நான்கு மூலைத் தூண்களுக்கும் சாய்வாக முட்டுக் கொடுக்க வேண்டும். கம்பியை இழுத்துக் கட்டும்போது முதலில் சாய்வது மூலைத் தூண்தான்.

விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காகத் தூண் ஒன்று 400 ரூபாய், கம்பி கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நட்டுக் கட்டும் கூலி தனி.

முள்கம்பி: ஐந்து வரிசை கட்டினால் 4,175 அடி, அதாவது சுமார் 1,270 மீட்டர். 12-ம் நம்பர் முள்கம்பி ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 10 மீட்டர் வரும். ஆக, 130 கிலோ, 13,000 ரூபாய். தூண்களுக்கு 33,600 ரூபாய். மொத்தம் 46,600.

கம்பி வலை: "செயின்லிங்க்" என்று கடையில் சொல்லும் வலை இது. 5 அடி அகலத்தில், அதே 12-ம் நம்பர் கம்பியில், 3 அங்குலக் கண் உள்ள வலை எடுத்தால் கிட்டத்தட்ட 485 கிலோ வரும். அதற்கு 48,500 ரூபாய். தூண்களையும் சேர்த்தால் 82,100.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் தெரிகிறது. முள்வேலியில் பெரிய செலவு கம்பி அல்ல, தூண். வலை வேலியில் பெரிய செலவு கம்பி. கடற்கரையில் முதலில் கெடுவது எது?

காற்று தின்னும் கம்பி

இரும்புக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் துத்தநாகம் பூசுகிறார்கள். அதைத்தான் "ஜி.ஐ. கம்பி" என்கிறோம். அந்தப் பூச்சு இருக்கும் வரை இரும்பு பிழைக்கும்.

கடல் அலையில் இருந்து எழும் நுண்ணிய உப்புத் துளிகள் காற்றோடு வந்து கம்பியில் படிகின்றன. ஆலைப் புகையும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். அலை ஓரத்தில் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை பூச்சு கரையலாம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்.

மலிவான கம்பியில் மொத்தப் பூச்சே 7 மைக்ரான் அளவுதான் இருக்கும். அப்படியானால் ஓரிரு ஆண்டில் கதை முடிந்தது! கனமாகப் பூசிய கம்பியில் 30 மைக்ரானுக்கு மேல் இருக்கும். அது நான்கு முதல் எட்டு ஆண்டு தாங்கும். கடலை விட்டு உள்ளே போகப் போக இரண்டுமே கூடுதல் காலம் நிற்கும். ஆகவே கடையில் "ஜி.ஐ.தானா?" என்று கேட்டால் போதாது. "சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பூச்சு?" என்று கேட்க வேண்டும். 240 கிராம் என்றால் கனம். 50 கிராம் என்றால் மெலிவு.

கம்பி கெடுவதை எப்படி அறிவது? முதலில் வெள்ளைத் தூள் பூக்கும். அது துத்தநாகம் கரைவதன் அடையாளம். பிறகு முள் சுற்றிய இடத்திலும், தூணில் கட்டிய இடத்திலும் செந்நிறத் துரு தெரியும். உப்பு நீர் தங்குவது அந்த முடிச்சுகளில்தான். செந்துரு கண்டபின் கம்பியை மாற்றப் பணம் சேர்க்கத் தொடங்க வேண்டியதுதான்.

அப்போது முள்கம்பிக்காரருக்குச் செலவு 13,000. வலைக்காரருக்கு 48,500!

சிமெண்டுத் தூணும் இங்கே ஏமாற்றும். அதன் உள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது. உப்பு உள்ளே இறங்கியதும் அந்தக் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், சிமெண்டு வெடிக்கும். கருங்கல்லுக்கு அந்த வியாதி கிடையாது.

கல்லாலேயே கட்டினால்?

"அப்படியானால் முழுவதும் கல்சுவராகவே கட்டி விடலாமே!" என்று தோன்றும்.

4 அடி உயரம், ஒண்ணேகால் அடி கனம் என்றால் சுவருக்கு மட்டும் 42 யூனிட் கல் வேண்டும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மணல் மண்ணில் அஸ்திவாரத்துக்கு இன்னும் 25 யூனிட். மொத்தம் 67 யூனிட். யூனிட் 5,000 ரூபாய் என்று வைத்தாலும் 3 லட்சத்து 35 ஆயிரம். கொத்தனார் கூலி தனி. இந்தக் கரையில் கல் விளையாது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைகளே வெளியில் இருந்து லாரியில் வந்தவைதான்.

இன்னொரு ஆபத்து மழை வெள்ளம். 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர், மணலி பகுதிகள் வெள்ளத்தில் தவித்தன. வடிகால் துவாரம் இல்லாத சுவர் அப்போது அணை போல நீரைத் தேக்கி, உள்ளே உள்ள பயிரை அழுக வைக்கும். கம்பி வலையும் வெள்ளத்தில் தப்பாது. குப்பையும் தழையும் வலைக் கண்களை அடைத்து விட்டால், ஓடும் நீர் வலையைத் தூணோடு சாய்த்து விடும். முள்கம்பி வழியாக நீர் தடையின்றிப் போய் விடும்.

கல்லைச் சுவராக அடுக்காமல் தூணாக நடுவதே இங்கே சிக்கனம்.

எந்த மிருகத்துக்கு எது?

மாட்டுக்கும் எருமைக்கும் முள்கம்பி போதும். ஆனால் மெல்லிய கம்பி மாட்டின் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. விரட்டப்பட்ட பசு பாய்ந்தால் மடி கிழியும். எருமைக்கு முள் இல்லாத வலை என்றால் கொண்டாட்டம். கழுத்தை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தூணையே ஆட்டி விடும்.

ஆடு மேலே தாண்டுவதை விட, கீழே நுழைவதில்தான் கெட்டிக்காரன். ஆகவே கம்பிகளைச் சம இடைவெளியில் கட்டக் கூடாது. தரையில் இருந்து 6, 12, 18 அங்குலத்தில் மூன்று கம்பி. பிறகு 30, 44 அங்குலத்தில் இரண்டு. அப்போது ஆட்டின் தலை நுழையாது. மாட்டின் மார்பும் தடுக்கப்படும். குட்டி ஆட்டை முழுவதும் தடுப்பது வலைதான்.

பன்றி வலையின் அடியை மூக்கால் தூக்கி உள்ளே வந்து விடும். வலையின் அடிப்பகுதியை ஓர் அடி மண்ணில் புதைத்தால் வராது. ஆனால் உப்பு மண்ணில் புதைந்த வலை இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதற்குப் பதில் தரையை ஒட்டி ஒரு முள்கம்பியை இழுத்துக் கட்டலாம். அது கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

உயிர்வேலி

துருப்பிடிக்காத வேலி ஒன்று உண்டு. அது செடி வேலி. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை முள்ளை நெருக்கமாக நட்டு, மாடுகளை உள்ளே விட்டு மேய்க்கிறார்கள். கம்பியே தேவை இல்லை.

வட சென்னைக் கரைக்குச் செடி உப்பைத் தாங்க வேண்டும். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரிலேயே கடல் நீர் கலந்திருக்கிறது. மேட்டு மணலுக்கு ரெயில் கற்றாழை ஏற்றது. நீர் தேங்கும் பள்ளத்தில் அது அழுகி விடும். அங்கே தாழை நிற்கும். பூவரசங் கொம்பை நட்டால் வேர் பிடித்து உயிருள்ள தூணாகும். ஆனால் அதன் இலையை ஆடு தின்னும். ஆகவே அது தூண் மட்டுமே, வேலி ஆகாது.

வேலிகாத்தான் என்ற சீமைக் கருவேலத்தை மட்டும் நடாதீர்கள். அதன் காயை ஆடு தின்று, சாணத்தோடு விதையை உங்கள் வயலிலேயே போடும். இப்படிப் பரவும் அந்நியச் செடிகளை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது.

ரெயில் கற்றாழைக் கன்றுகளை 3 அடிக்கு ஒன்றாக, இரண்டு வரிசையில், ஒன்றுவிட்டு ஒன்றாக நட 560 கன்றுகள் வேண்டும். கன்று 10 ரூபாய் என்றால் 5,600 ரூபாய்தான்.

மலிவு என்று நினைக்கிறீர்களா? இரண்டு செலவு மறைந்திருக்கிறது. ஒன்று நிலம். இந்த வேலி 4 அடி அகலத்தைப் பிடிக்கும். 835 அடிச் சுற்றில் அது ஏழரை சென்ட்! இன்னொன்று காலம். கன்று வளர்ந்து மாட்டைத் தடுக்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும். அதுவரை பயிரைக் காப்பது யார்?

இரண்டும் சேர்ந்தால்

அதற்குத்தான் கம்பி. கல்தூண் நட்டு, ஐந்து வரிசை முள்கம்பி கட்டி, கம்பிக்கு 3 அடி உள்ளே ஐப்பசி மழையில் கற்றாழையை நட வேண்டும். கம்பி துருப்பிடித்து இறங்கும் காலத்தில் செடி எழுந்து நிற்கும். பச்சை மடல் தெரிவதால் மாடும் கம்பியில் பாயாது. தூணுக்கும் கம்பிக்கும் 46,600, கன்றுக்கு 5,600, ஆக 52,200 ரூபாய். வலை வேலியை விட 30 ஆயிரம் குறைவு.

வீட்டில் குழந்தைகள் உண்டானால் நடைபாதைப் பக்கத்து மடல்களின் நுனி முள்ளைக் கத்தரித்து விடுங்கள், கண்ணில் குத்தும். மடலின் சாறு பட்டால் தோல் அரிக்கும். கற்றாழை ஆளுயரத்துக்கு மேல் தண்டு விட்டுப் பூத்ததும் அந்தச் செடி செத்து விடும். அடியில் முளைத்த பக்கக் கன்றை அந்த இடைவெளியில் உடனே நட்டு விடவேண்டும். ஒரு செடி போன இடத்தை ஆடு ஒரே நாளில் கண்டுபிடித்து விடும்.