பக்கக் கணக்கும் நடைத்தாளும்

முதல் நாவலை எழுதி முடித்துவிட்டு மெய்ப்புப் பார்ப்பவரைத் தேடி வருபவர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "பக்கத்துக்கு எவ்வளவு வாங்குவீங்க?" என்பது. உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடக் கூடாது. எது ஒரு பக்கம் என்று பேசி முடிக்காமல் சொன்ன தொகை, வேலை பாதியில் இருக்கும்போது மனத்தாங்கலைக் கொண்டுவரும்.

நாவலில் 52,000 சொற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதியவர் ஏ4 தாளில் நெருக்கித் தட்டியிருப்பார். அவர் கணக்கில் 130 பக்கம். 250 சொல் ஒரு பக்கம் என்று கொண்டால் அதுவே 208 பக்கம். பக்கத்துக்கு 20 ரூபாய் என்றால் 4,160 ரூபாய். முதல் வாசிப்பில் மணிக்கு எட்டுப் பக்கம் பார்த்தால் 26 மணி நேரம் ஆகும். திருத்தங்கள் சரியாக ஏறினவா என்று பார்க்கும் இரண்டாம் சுற்றுக்கு இன்னொரு 12 மணி நேரம். ஆக, மணிக்கு 110 ரூபாய்கூடத் தேறாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அந்த 20 ரூபாய் கட்டுப்படியாகுமா என்று முடிவுசெய்வதே முறை. சொல்லை எண்ணுவதும் வேலை தொடங்கும் முன்பே நடக்க வேண்டும். 'வந்து கொண்டிருந்தான்' என்பதைச் சேர்த்து எழுதினால் இரண்டு சொல் ஒன்றாகிவிடும்; நாவல் முழுக்க இப்படிச் சேர்த்தால் திருத்துபவரின் கூலிதான் குறையும்.

தொகையைச் சொல்லும் முன் பத்துப் பக்கத்தை வாங்கிப் பார்ப்பது நல்லது. அவை நடு அத்தியாயத்திலிருந்து வரட்டும். முதல் அத்தியாயத்தை எழுதியவர் பலமுறை செப்பனிட்டிருப்பார். அதை வைத்துப் பிரதியின் நிலையை அறிய முடியாது.

அந்தப் பத்துப் பக்கத்திலிருந்தே நடைத்தாளும் உருவாகிவிடும். ஒரே நாவலில் 'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' இரண்டும் வரும். எது சரி என்பதில் தமிழ் அறிந்தவர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை; ஒன்றைத் தேர்ந்து குறித்துக்கொள்ள வேண்டியதுதான். ஐயாவா அய்யாவா, ஹிந்தியா இந்தியா, பஸ்ஸா பேருந்தா, 'கொண்டிரு' போன்ற துணைவினையைச் சேர்ப்பதா பிரிப்பதா, எண்களை இலக்கத்தில் தருவதா எழுத்தில் தருவதா என்பவையும் அதில் வரும். பாத்திரங்களின் பெயர்களையும் மறக்காமல் எழுத வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் செல்லம்மாளாக இருந்தவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் செல்லம்மா ஆகியிருப்பார். இரண்டு பக்கத்துக்கு மிகாத இந்தத் தாளை ஆசிரியர் படித்து ஒப்புக்கொண்ட பிறகே முதல் திருத்தம் விழ வேண்டும்.

பின்னால் வரும் பெரும்பாலான வாக்குவாதங்கள் இதிலேயே தீர்ந்துவிடும். மிஞ்சுபவற்றில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, விதி பற்றியது. 'வேலை தேடி அலைந்தான்' என்ற இடத்தில் ஆசிரியர் ஒற்றுப் போட்டு 'வேலைத் தேடி' என்று எழுதியிருப்பார். ஐ-க்குப் பின் வல்லினம் மிகும் என்று பள்ளியில் படித்ததாகச் சொல்வார். அவர் படித்தது இரண்டாம் வேற்றுமை உருபுக்கான விதி. வேலை என்ற சொல்லின் முடிவில் இருக்கும் ஐ உருபு அல்ல, சொல்லின் பகுதி. ஒற்றுப் போட்டால் வேல் என்ற ஆயுதத்தைத் தேடினான் என்று பொருள் மாறிவிடும். இப்படிக் காரணத்தைத் திருத்தத்தின் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதிவிட்டால் அவர் ஏற்றுக்கொள்வார். அடுத்த முறை தானே திருத்திக்கொள்வார். எழுத்துக்கூட்டல் பற்றிய ஐயத்துக்கு, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போல இருவரும் ஏற்கும் ஒரு நூலை நடைத்தாளிலேயே குறித்துவைத்தால் பேச்சு நீளாது.

மற்றது, குரல் பற்றியது. கதைசொல்லி 'சுவற்றில் சாய்ந்தாள்' என்றால் 'சுவரில்' என்று திருத்தலாம். கயிறு, கிணறு போல று-வில் முடியும் சொல்தான் கயிற்றில், கிணற்றில் என்று இரட்டிக்கும். சுவர் அப்படி முடிவதில்லை. ஆனால் கிழவி ஒருத்தி, "செவுத்துல சாஞ்சு உக்காருடி" என்று சொன்னால் அதைத் தொடக் கூடாது. உரையாடலுக்குள் கைவைக்கும் திருத்துநரால் மனம் நொந்துபோன புதிய எழுத்தாளர்கள் பலர். பேச்சில் ஒரே பாத்திரம் ஓரிடத்தில் 'செவுத்துல', இன்னோரிடத்தில் 'சுவத்துல' என்று சொன்னால் மட்டும் ஓரத்தில் கேள்விக்குறி இட்டுக் கேட்கலாம்.

எல்லாத் திருத்தமும் வேர்டு கோப்பில் தடம் தெரியும்படி இருக்க வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் ஆசிரியரின் உரிமை. இரண்டு சுற்று ஒப்பந்தத் தொகைக்குள் அடங்கும். இடையில் புதிதாகச் சேர்க்கும் அத்தியாயத்துக்கும், பக்கம் கட்டிய பிறகு பார்க்கும் மெய்ப்புக்கும் தனிக் கட்டணம். தெளிவான பிழையை ஆசிரியர் பிடிவாதமாக வைத்துக்கொண்டால் அதை மின்னஞ்சலில் ஒருமுறை எழுதித் தெரிவித்துவிட்டு விட்டுவிடலாம். அத்தகைய இடங்கள் மிகுந்துபோனால், நூல் விவரப் பக்கத்தில் மெய்ப்பு என்று தம் பெயரைப் போட வேண்டாம் எனத் திருத்துநர் கேட்டுக்கொள்ளலாம். பேசிய தொகையில் அதனால் மாற்றம் இல்லை.